கலை வரலாற்று நூலுக்குக் கல்லூரி ஆண்டுமலரில் மதிப்புரை எழுதுவது எப்படி?

கல்லூரி ஆண்டுமலருக்கு நூல் மதிப்புரை தருவதாக ஒப்புக்கொண்டு, கையில் ஒரு கலை வரலாற்று ஆய்வு நூலை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் மதிப்புரை எழுதிப் பழகிய முறை இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. மலரைப் படிப்பவர் அந்த நூலையும் பார்த்ததில்லை, அதில் பேசப்படும் ஓவியங்களையும் பார்த்ததில்லை என்பதால் எல்லாவற்றையும் விளக்க முற்பட்டுச் சுருக்கம் வீங்கிவிடும். எழுதுபவர் துறை அறிஞர் இல்லை என்பதால் மதிப்பீடு கடைசிப் பத்தியில் இரண்டு பாராட்டு வரிகளாகச் சுருங்கிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் நான் வெகுவாகத் தடுமாறிய பிறகு எனக்குப் பயன்பட்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே நூலைக் கடைசிவரை பயன்படுத்துகிறேன். அது மைக்கேல் பாக்ஸண்டால் எழுதி 1972இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘பெயிண்டிங் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ் இன் ஃபிஃப்டீன்த் செஞ்சுரி இட்டலி’. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியத்தை வாங்கியவரும் பார்த்தவரும் அதை எப்படி அணுகினார்கள் என்று பேசும், மூன்றே இயல்கள் கொண்ட சிறிய நூல். முதல்முறை எழுதுபவர் முழுமையாகப் படித்து முடிக்கக்கூடிய அளவில் இருப்பதாலும், அதன் வாதம் தெளிவாக இருப்பதாலும் இதைத் தேர்ந்தேன்.

1. முதலில் மலர்க்குழுவிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்

எத்தனை பக்கம், படங்கள் வண்ணத்தில் வருமா கறுப்பு வெள்ளையிலா, அச்சுக்குப் போகும் நாள் எது என்ற மூன்றையும் நூலைத் தேடுவதற்கு முன்பே பொறுப்பாசிரியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அச்சுப் பக்கம் என்றால் படத்துக்கு இடம் விட்டு ஏறத்தாழ ஆயிரம் சொற்கள்தான் கிடைக்கும். ஆயிரம் சொற்களில் மூன்று இயல்களையும் சமமாகச் சொல்ல முடியாது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

வண்ணத்தைப் பற்றிய கேள்வி சிறியதாகத் தோன்றும், ஆனால் அது கட்டுரையின் உள்ளடக்கத்தையே மாற்றும். பெரும்பாலான ஆண்டுமலர்களில் அட்டையும் நடுவில் சில பக்கங்களும் மட்டுமே வண்ணத்தில் இருக்கும். உங்கள் பக்கம் கறுப்பு வெள்ளை என்றால், நீல நிறமியின் விலையைப் பற்றி நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும், பக்கத்தில் போடும் படம் அதற்கு உதவாது. அப்போது நிறத்தை விட்டு உருவங்களின் கனபரிமாணம், உடல் அசைவு போன்ற, சாம்பல் நிறத்திலும் தெரியக்கூடிய ஒன்றைப் பற்றிய சான்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அச்சுக்குப் போகும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வாரங்களை ஒதுக்குங்கள். நூல் கையில் கிடைக்க ஒரு வாரம், வாசிப்புக்கு இரண்டு, எழுத ஒன்று, திருத்தத்துக்கும் மெய்ப்புக்கும் ஒன்று என்று பிரித்தால் நெருக்கடி வராது.

2. எந்தப் பதிப்பு, எங்கிருந்து, என்ன செலவு

பாக்ஸண்டாலின் நூலுக்கு 1988இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் பின்னர் வந்த மறு அச்சுகள் பல. உங்கள் கையில் உள்ள பிரதியின் உரிமைப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் வெளியீட்டு ஆண்டு, நீங்கள் படித்த பதிப்பின் ஆண்டு ஆகிய இரண்டையும் மதிப்புரையின் தலைப்புக் குறிப்பில் தர வேண்டும். மறு அச்சு ஆண்டை மட்டும் போட்டால் நூல் அண்மையில் எழுதப்பட்டது என்று வாசகர் எண்ணிவிடுவார். அதைவிட மோசமாக, ‘அண்மைக்கால ஆய்வுகளை ஆசிரியர் பொருட்படுத்தவில்லை’ என்று நீங்களே எழுதிவிடவும் கூடும்.

சொந்தக் கல்லூரி நூலகத்தில் கிடைக்காவிட்டால், அருகிலுள்ள கவின்கலைக் கல்லூரி அல்லது பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்கலாம். இதற்குத் துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் பெரும்பாலும் போதும். கடிதத்தில் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் குறிப்பிட்டு வாங்குங்கள். ‘ஆய்வுப் பணிக்காக’ என்று பொதுவாக எழுதிய கடிதத்தைச் சில இடங்களில் ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பதிப்பைப் புதிதாக வாங்குவது மாணவருக்குக் கனமான செலவு என்பதால், பழைய புத்தகக் கடைகளையும் இணையத்தில் பழைய பிரதி விற்பவர்களையும் முதலில் பாருங்கள். முழு நூலையும் நகலெடுக்காதீர்கள். மேற்கோள் காட்டப் போகும் சில பக்கங்களை மட்டும், பக்க எண் தெரியும்படி நகலெடுத்தால் போதும்.

3. இரண்டு முறை படியுங்கள், இரண்டாவது முறை படங்களோடு

முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காமல் வாதம் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வாசிப்பில் ஆசிரியர் ஓர் ஓவியத்தைக் குறிப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, அந்த ஓவியத்தின் நல்ல படத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் திறந்து, அவர் சொல்வது அதில் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த நூலில் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளையில் உள்ளன. ஆகவே நூலை மட்டும் பார்த்துக்கொண்டு எழுதினால் நீங்கள் ஆசிரியரின் சொல்லை நம்புகிறீர்களே தவிர, சரிபார்க்கவில்லை.

குறிப்புகளை இரண்டு தனித்தனித் தாள்களில் எடுங்கள். ஒன்றில் ஆசிரியர் சொல்வது பக்க எண்ணோடு இருக்கட்டும். மற்றொன்றில் உங்களுக்குத் தோன்றியது. இவை இரண்டும் ஒரே தாளில் கலந்தால், எழுதும்போது ஆசிரியரின் கருத்தை உங்கள் கருத்தாகவும் உங்கள் ஐயத்தை ஆசிரியரின் ஒப்புதலாகவும் எழுதிவிடும் ஆபத்து உண்டு. கலை வரலாற்று நூல்களில் இது மிக எளிதாக நடக்கும், ஏனென்றால் ஓவியத்தை வருணிக்கும் வாக்கியத்துக்குள்ளேயே ஆசிரியரின் தீர்ப்பும் ஒளிந்திருக்கும்.

4. வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘இந்நூல் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறது’ என்பது வாதமாகாது. அது நூலின் பொருள். வாதம் என்பது ஒருவர் மறுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாக்ஸண்டாலின் நூலுக்கு நான் எழுதிய வாக்கியம் இது: ‘பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியர் கணக்குப் பாடத்திலும் தேவாலயப் பிரசங்கத்திலும் நடனத்திலும் பெற்ற பயிற்சிகளே அவர்கள் ஓவியத்தைப் பார்த்த விதத்தை உருவாக்கின, ஓவியர்களும் அந்தப் பயிற்சியை நம்பியே தீட்டினார்கள்.’

இந்த வாக்கியம் கிடைத்த பிறகு மூன்று இயல்களும் அதற்கு எப்படி உதவுகின்றன என்பது தானாகத் தெளியும். முதல் இயல் ஓவியத்தை வாங்கியவர்க்கும் தீட்டியவர்க்கும் இடையிலான ஒப்பந்தங்களைப் பற்றியது. இரண்டாவது இயல், ‘காலத்தின் கண்’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்தப் பார்வைப் பயிற்சியைப் பற்றியது. மூன்றாவது இயல், கிறிஸ்தோஃபோரோ லாண்டினோ என்ற அறிஞர் நான்கு ஓவியர்களைப் பற்றிப் பயன்படுத்திய பதினாறு சொற்களை எடுத்து விளக்குகிறது. மதிப்புரையில் நூலின் அமைப்பைச் சொல்ல இந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் தேவையில்லை. இயல் இயலாகச் சுருக்கிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் விழும் முதல் பொறி; பொருளடக்கத்தை நீட்டி எழுதியது போல் இருக்குமே தவிர, நூல் எப்படிச் சிந்திக்கிறது என்பது வாசகருக்குத் தெரியாது.

5. சுருக்கம்: ஒரு சான்றை மட்டும் முழுமையாக விரியுங்கள்

மிகுந்த நேரத்தை இந்தப் படியிலும் அடுத்த படியிலும் செலவிடுங்கள். வாதத்தைச் சொன்ன பிறகு, ஆசிரியர் அதை எப்படி நிறுவுகிறார் என்பதைக் காட்ட ஒரே ஒரு சான்றைத் தேர்ந்து, வாசகர் அதைத் தாமே பார்ப்பது போல் விரித்துச் சொல்லுங்கள். ஐந்து சான்றுகளைப் பெயர் மட்டும் சொல்லிக் கடப்பதைவிட இது நூலுக்கு நியாயம் செய்யும். என் வரைவில் அந்தப் பத்தி இப்படி அமைந்தது:

‘1485 அக்டோபரில் ஃபுளோரன்ஸ் நகரின் ஆதரவற்ற குழந்தைகள் காப்பகத் தலைவர், டொமெனிகோ கிர்லாண்டாயோ என்ற ஓவியரோடு தேவாலயப் பலிபீடத்தின் மேல் வைக்கும் ஒரு பீட ஓவியத்துக்காக ஒப்பந்தம் செய்துகொண்டார். பலகையை ஓவியர் தம் கையாலேயே தீட்ட வேண்டும். நீலம், அவுன்ஸ் ஏறத்தாழ நான்கு ஃபுளோரின் பொற்காசு மதிப்புள்ள அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும். முப்பது மாதங்களுக்குள் வேலை முடிய வேண்டும். விலை 115 ஃபுளோரின் என்றாலும், ஓவியம் அந்த விலைக்குத் தகுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஓவியரிடம் இல்லை. இந்த ஒரே தாளில் மூலப்பொருளுக்கான அக்கறையும் கைத்திறனுக்கான அக்கறையும் அருகருகே நிற்பதைப் பாக்ஸண்டால் சுட்டுகிறார். நூற்றாண்டு செல்லச் செல்லப் பொன்னும் நீலமும் பற்றிய நிபந்தனைகள் பின்னுக்குப் போய், ஓவியரின் திறனுக்குப் பணம் கொடுக்கும் மனப்பாங்கு முன்னுக்கு வந்தது என்பது அவர் முடிவு.’

இந்தப் பத்தியில் நான் எதையும் பாராட்டவில்லை, குறை கூறவும் இல்லை. ஆனால் எந்த விவரத்தைச் சொல்வது என்ற தேர்விலேயே மதிப்பீடு தொடங்கிவிட்டது. அல்ட்ராமரைன் எப்படித் தயாரிக்கப்பட்டது, அந்தக் காப்பகத்தின் கட்டடம் யார் கட்டியது என்பவையெல்லாம் சுவையானவைதாம். ஆனால் அடுத்த பத்தியில் நான் சோதிக்கப் போவது கைத்திறன் பற்றிய கூற்றை என்பதால் அவற்றை விட்டுவிட்டேன். எந்த விவரம் பின்னால் எழுதப்போகும் தீர்ப்புக்குத் தேவைப்படுகிறதோ அதை மட்டும் சுருக்கத்தில் வையுங்கள். சுருக்கத்துக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான சமநிலை என்பது பாதிக்குப் பாதி என்ற சொற்கணக்கு அன்று. ஒவ்வொரு தீர்ப்புக்கும் அதற்கான சான்று முன்பே வாசகர் கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

6. மதிப்பீடு: சான்று எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று அளந்து சொல்லுங்கள்

‘மிகச் சிறந்த நூல்’, ‘கலை ஆர்வலர் அனைவரும் படிக்க வேண்டியது’, ‘நடை சற்றுக் கடினம்’ ஆகிய மூன்று வரிகளையும் முதலில் அடித்துவிடுங்கள். அவற்றை எந்த நூலுக்கும் எழுதலாம். அதற்குப் பதிலாக, நீங்கள் விரித்துச் சொன்ன சான்றையே எடுத்து, அது ஆசிரியரின் முடிவு வரை வந்து சேருகிறதா என்று கேளுங்கள்.

மேலே சொன்ன ஒப்பந்தத்தையே பார்ப்போம். பீட ஓவியத்தின் அடிப்பலகையில் உள்ள சிற்றோவியங்களும் கிர்லாண்டாயோ ஏற்றுக்கொண்ட வேலையில் அடங்கியவை. ஆனால் அவற்றைத் தீட்டியவர் பார்த்தொலோமேயோ தி ஜியோவன்னி என்ற மற்றோர் ஓவியர். ஆகவே, ஒப்பந்தம் என்பது கேட்கப்பட்டதைச் சொல்கிறதே அன்றி, பட்டறையில் நடந்ததை அப்படியே சொல்வதில்லை. இதைக் கண்டதும் ‘பாக்ஸண்டாலின் வாதம் தவறு’ என்று எழுதத் தோன்றும். அது மிகை. முதல் இயலில் அவர் பேசுவது வாங்குபவர் எதை மதித்தார் என்பதைப் பற்றி. அதற்கு ஒப்பந்தம் நல்ல சான்றுதான். ‘ஒப்பந்தத்திலிருந்து வாடிக்கையாளரின் விருப்பத்தை அறியலாம், பட்டறையின் நடைமுறையை அறிய வேறு சான்று வேண்டும்’ என்று எழுதினால் அது சரியான அளவில் நிற்கும் தீர்ப்பு. தீர்ப்பு கூர்மையாக இருப்பதைவிட அளவாக இருப்பது கடினம், ஆனால் வாசகர் உங்களை நம்புவது அதனால்தான்.

இன்னொரு நல்ல வழி, நூலின் வாதத்தை அது முதன்மையாக எடுத்துக்கொள்ளாத ஒரு சூழலில் வைத்துப் பார்ப்பது. இரண்டாவது இயலின் புகழ்பெற்ற பகுதி, வணிகர்கள் பீப்பாயின் கொள்ளளவைக் கண்ணால் மதிப்பிடக் கற்றதையும், ஓவியரான பியரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவே அத்தகைய கணக்குகள் கொண்ட நூல் ஒன்றை எழுதியதையும் இணைக்கிறது. கணக்குப் பள்ளியில் உருளையையும் கூம்பையும் அளந்து பழகியவர், ஓவியத்தில் உள்ள கூடாரத்தையும் தொப்பியையும் அதே பழக்கத்தோடு பார்த்திருப்பார் என்பது வாதம். நம்பத்தக்க வாதமே. ஆனால் 1440ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபுளோரன்ஸின் சான் மார்க்கோ மடத்தில் ஃப்ரா ஆஞ்ஜெலிகோ துறவியரின் அறைச்சுவர்களில் தீட்டிய ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை அன்றாடம் பார்த்தவர் கடைக்காரர் அல்லர். தனியறையில் தியானிக்கும் துறவி. அங்கே பீப்பாய்க் கணக்கு எவ்வளவு உதவும்?

இந்தக் கேள்வியை எழுப்பும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. சமயப் பயிற்சியை நூல் முற்றிலும் விட்டுவிடவில்லை. கன்னி மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன காட்சியை ஃப்ரா ராபர்ட்டோ என்ற பிரசங்கியார் கலக்கம், சிந்தனை, வினா, பணிவு, பேறு என்று ஐந்து மனநிலைகளாகப் பிரித்ததைக் காட்டி, ஓவியங்கள் அந்த நிலைகளில் எதைச் சித்திரிக்கின்றன என்று மக்கள் அறிந்திருந்தனர் என்கிறார் பாக்ஸண்டால். மேலும், தாம் பேசும் பார்வையாளர் வணிகமும் வழிபாடும் நடனமும் அறிந்த, வசதியுள்ள நகரத்து ஆண் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆகவே ‘பெண்களையும் ஏழைகளையும் மறந்துவிட்டார்’ என்று வெறுமனே குற்றம் சாட்டுவது நூலைச் சரியாகப் படிக்காததாக ஆகிவிடும். ‘தலைப்பு இத்தாலி முழுவதையும் சுட்டினாலும், இந்தக் கண் ஒரு குறிப்பிட்ட வகுப்பின் கண், நூல் முன்னேறும்போது அந்த வரம்பு மங்கிப் பொதுவான பார்வையாகத் தோன்றத் தொடங்குகிறது’ என்பதே என் தீர்ப்பு.

இங்கே இரண்டு பொறிகள். நூல் எடுத்துக்கொள்ளாத பொருளுக்காக அதைக் குறை கூறாதீர்கள். இத்தாலிய ஓவியம் பற்றிய நூலில் சிற்பம் இல்லை, இந்தியா இல்லை என்பது விமர்சனமாகாது. அதேபோல், வேறோர் அறிஞர் எழுதிய விமர்சனத்தைப் படித்திருந்தால் அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். பெயர் சொல்லாமல் எடுத்தாண்டால் பொறுப்பாசிரியர் கண்டுபிடிக்காவிட்டாலும் துறைப் பேராசிரியர் கண்டுபிடித்துவிடுவார்.

7. பத்திகளை அடுக்கும் முறை

ஆயிரம் சொற்களுக்கு நான் பரிந்துரைப்பது இது. முதல் பத்தியிலேயே வாத வாக்கியமும், உங்கள் ஒட்டுமொத்தத் தீர்ப்பின் சாயலும் வந்துவிட வேண்டும். அடுத்து அமைப்பு பற்றிய மூன்று வாக்கியங்கள். பிறகு ஒரு சான்றும் அதன் சோதனையும், மீண்டும் ஒரு சான்றும் அதன் சோதனையும். எல்லாச் சுருக்கத்தையும் முன்னால் முடித்துவிட்டுத் தீர்ப்பை வாலில் கட்டினால், வாசகர் தீர்ப்புக்கு வரும்போது சான்றை மறந்திருப்பார். இறுதியில் இந்த நூல் யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். பாக்ஸண்டாலைப் பொறுத்தவரை, ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றைத் தேடுபவருக்கு இது ஏமாற்றமளிக்கும். ஓவியத்தைப் பணம் கொடுத்து வாங்கியவர் யார் என்று கேட்பவருக்கு உதவும்.

மேற்கோள்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ‘பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒரு சமூக உறவின் படிவு’ என்ற நூலின் தொடக்க வரி போல, வாதத்தைத் தாங்கும் வரிகளை மட்டும் எடுத்து, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று குறிப்பிடுங்கள்.

8. படமும் அனுமதியும்

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்த இடம் தருகிறது. சில வரிகளை மேற்கோள் காட்ட அது போதும். ஆனால் நூலில் உள்ள படங்களை ஸ்கேன் செய்து போடாதீர்கள். ஓவியம் பழையதானாலும் புகைப்படத்தின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம், அச்சில் தரமும் கெடும். வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகியவை உரிமைக் கட்டுப்பாடு இல்லாத தங்கள் ஓவியங்களின் பெரிய அளவுப் படங்களை இலவசமாகத் தருகின்றன. வாஷிங்டனில் உள்ள, ஃப்ரா ஆஞ்ஜெலிகோ, ஃபிலிப்போ லிப்பி ஆகிய இருவர் பெயராலும் அறியப்படும் ‘ஞானியர் வணங்குதல்’ என்ற வட்ட ஓவியம் இந்த மதிப்புரைக்குப் பொருந்தும், ஏனெனில் லாண்டினோ பேசிய நால்வரில் அவ்விருவரும் உண்டு. இத்தாலிய அருங்காட்சியகங்களின் படங்களுக்குத் தனி நிபந்தனைகள் உள்ளதால், அந்தந்தத் தளத்தின் விதிகளைப் படிக்காமல் எடுக்காதீர்கள். படத்தின் கீழே ஓவியர், தலைப்பு, இருக்கும் இடம், படம் தந்தவர் ஆகிய நான்கும் இருக்க வேண்டும்.

9. அச்சகத்துக்குக் கொடுக்கும்போது

பல அச்சகங்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பக்கம் அமைக்கின்றன. நீங்கள் யூனிகோடில் தரும் கோப்பை அவர்கள் மாற்றும்போது ஆய்த எழுத்தும் கிரந்த எழுத்துகளும் அடிக்கடி உடைகின்றன. ஃப்ரா, ஃபுளோரின், ஜியோவன்னி, பாக்ஸண்டால் போன்ற பெயர்களே இத்தகைய கட்டுரையில் நிறைந்திருக்கும் என்பதால், எல்லா அயற்பெயர்களையும் நீங்கள் முடிவு செய்த எழுத்துக்கூட்டலில் ஒரு தனித்தாளில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் வடிவிலும் சேர்த்துக் கொடுங்கள். முதல் மெய்ப்பு வந்ததும் கட்டுரையைப் படிப்பதற்கு முன் அந்தப் பட்டியலை வைத்துப் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். அடுத்து ஆண்டுகளையும் தொகைகளையும் நகலெடுத்து வைத்த பக்கங்களோடு ஒப்பிடுங்கள். இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் சில வரிகளை வெட்டச் சொன்னால், எதை வெட்டுவது என்பதை நீங்களே தேர்ந்து எழுத்தில் கொடுங்கள். சோதனையை வைத்துக்கொண்டு சான்றை வெட்டினால் உங்கள் தீர்ப்பு ஆதாரமில்லாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்தே நீக்குங்கள், அல்லது அமைப்பைச் சொல்லும் வாக்கியங்களைக் குறையுங்கள்.